அடகுக் கடையில் அசல் ஆவணத்தைக் கேட்டால்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் மிஷினை அடகு வைக்கப் போனேன். ஆதார் ஒரிஜினலையும் ரேஷன் கார்டையும் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அசலைக் காட்டுங்கள், கடைக்காரர் பார்த்துச் சரிபார்க்கட்டும், நகல் ஒன்றைக் கொடுங்கள், அசலைக் கையோடு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள். வங்கியில் நகைக் கடன் வாங்கினாலும் இப்படித்தான். அங்கே நகலின் மேல் "அசல் பார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டையைத் திருப்பி நீட்டிவிடுவார்கள். உங்கள் அட்டையை லாக்கரில் வைத்துப் பூட்டும் வங்கி எதுவும் கிடையாது.

அசல் இல்லாமல் பணம் தரமாட்டேன் என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அவசரத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று தெரியும். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

"திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் என்னைத்தான் கேட்கும், அதற்குத்தான் ஒரிஜினல்" என்கிறார். நியாயமாகத்தானே இருக்கிறது?

பாதி நியாயம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்தால் அது குற்றம். அதனால் பொருளைக் கொண்டுவந்தவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்று கடைக்காரர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதற்குத் தேவைப்படுவது முகத்தோடு ஒத்துப் பார்த்த ஒரு நகலும், பதிவேட்டில் உங்கள் பெயர், முகவரி, கையெழுத்தும். நாளைக்குப் போலீஸ் வந்தால் அவர் காட்ட வேண்டியவையும் இவையே.

அசலைப் பிடித்து வைப்பதற்குக் காரணம் வேறு. பழைய தையல் மிஷின், மிக்ஸி, டிவி இவற்றை நாளைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று கடைக்காரருக்கே நிச்சயமில்லை. நகை வைத்தவர் எப்படியும் மீட்க வருவார். மிக்ஸி வைத்தவர் வராமலே போய்விடலாம். அட்டை உள்ளே இருந்தால் அதற்காகவாவது வந்து வட்டி கட்டுவார் என்பதுதான் கணக்கு. உரிமம் உள்ள பல கடைகள் இப்போது தங்கம், வெள்ளியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வீட்டுச் சாமான் வாங்கும் சின்னக் கடைகளிலும், அடகுக் கடை என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டு வட்டிக்கு விடுபவர்களிடமும்தான் இந்தப் பழக்கம் அதிகம்.

பொருளே வேண்டாம், ரேஷன் கார்டை மட்டும் வை, மூவாயிரம் தருகிறேன் என்கிறார் எங்கள் தெருவில் ஒருவர். இதுவும் அடகுதானே?

இல்லை. அடகு என்றால் கடன் திரும்ப வராதபோது விற்றுப் பணமாக்கக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அடகு பற்றிச் சொல்வது பொருள்களை வைத்துத்தான். 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்காரர் சட்டமும் பொருளை வாங்கி வைத்துக் கடன் கொடுக்கும் தொழிலுக்குத்தான் உரிமம் தருகிறது. உங்கள் குடும்ப அட்டையை அவர் யாருக்கு விற்க முடியும்? ஏலம் போட்டால் யார் எடுப்பார்கள்? பத்துப் பைசா பெறாத அந்த அட்டைக்கு உங்கள் வீட்டில் மட்டும்தான் மதிப்பு. அட்டை இல்லாமல் நீங்கள் படப்போகும் சிரமத்தை நம்பித்தான் அவர் மூவாயிரத்தைக் கொடுக்கிறார்.

இதனால் உங்களுக்கு இரட்டை நஷ்டம். பொருளை வைத்திருந்தால், கடைசியில் கட்ட முடியாமல் அது மூழ்கிப் போனாலும் அதை விற்ற பணம் கடனில் கழியும், மிச்சம் இருந்தால் உங்களுக்கு வர வேண்டும். அட்டையை வைத்தால் எதுவும் மூழ்காது, கடனும் தீராது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரேஷன் கார்டு ஒரு மாதம் அங்கே இருந்தால் என்ன ஆகிவிடும்? அரிசிதானே போகும்?

அரிசி, பருப்பு, பாமாயில் மட்டும் என்றால்கூட ஒரு கூலி வேலைக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதற்கு மேலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப அட்டைதான் முக்கால்வாசி உதவிகளுக்கு வாசல். பொங்கல் பரிசு அட்டையை வைத்துத்தான் வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரவும் குடும்ப அட்டையைக் கேட்பார்கள். ஸ்டான்லி மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கத்திலோ ஒருவரைத் திடீரென்று சேர்த்துவிட்டு, காப்பீட்டு வேலைக்கு அட்டையைக் கேட்கும்போது, அது புளியந்தோப்பில் ஒரு மேஜை டிராயருக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தால் அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அட்டை கையில் இருப்பவரே அதை வைத்து உங்கள் பங்குப் பொருளை வாங்கப் பார்ப்பது பழைய தொல்லை. கைரேகை முறை வந்த பிறகு அது கஷ்டமாகிவிட்டது. ஆனால் பதிவு செய்த செல்போனுக்கு குறுஞ்செய்தி வருகிறதா, வாங்காத பொருளை வாங்கியதாக வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆதார் எண் எல்லா இடத்திலும் கொடுத்ததுதானே. அட்டையைக் கொடுத்தால் என்ன புதிதாக ஆபத்து?

எண்ணை மட்டும் வைத்து ஒருவர் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது, கைரேகையோ செல்போனுக்கு வரும் ஓடிபியோ வேண்டும். ஆகவே அட்டை போனாலே பணம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆபத்து, அட்டையோடு சேர்த்து வேறு எதைக் கொடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அசல் அட்டை, இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, வெற்றுத் தாளில் கையெழுத்து, "ஒரு நம்பர் வரும், சொல்லும்மா" என்று வாங்கும் ஓடிபி, இவை நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் உங்கள் பெயரில் கடன் எடுக்கலாம், உங்களை வேறொருவருக்கு ஜாமீன்தாரராகக் காட்டலாம். அடகு வைப்பதற்கு ஓடிபி எதற்கும் தேவையில்லை. அதைக் கேட்டாலே எழுந்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது ஏடிஎம் அட்டையை ரகசிய எண்ணோடு வாங்கிக்கொள்வது. துப்புரவுப் பணியாளர்கள், முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிகள், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் பெண்கள், இவர்களிடம் இது நடக்கிறது. மாதம் பணம் ஏறிய அன்றைக்கே கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வார், மிச்சத்தை அவராகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. இப்படிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அந்த ஏடிஎம் அட்டையை முடக்கிப் புதியது வாங்குங்கள். கணக்கு உங்களுடையது, முடக்குவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கடன் கடனாக இருக்கட்டும், அதை நீங்கள் கையால் கொண்டுபோய்க் கட்டுங்கள்.

நகல் கொடுக்கும்போது எப்படிக் கொடுப்பது?

நகலின் மேல், எழுத்துகளுக்குக் குறுக்கே படும்படி, பேனாவால் எழுதுங்கள்: "தையல் மிஷின் அடகுக்காக மட்டும், இன்ன கடை, இன்ன தேதி", கீழே கையெழுத்து. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுத்துவிடலாம், அதனால்தான் குறுக்கே. ஆதாருக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. myaadhaar.uidai.gov.in தளத்தில் முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் பிரதியை இறக்கி அச்செடுக்கலாம். பெயரும் படமும் அதில் தெரியும், கடைக்காரருக்கு அது போதும்.

வட்டி அதிகம் என்று தெரியும். ஆனால் எவ்வளவு அதிகம்? ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

இந்தப் பகுதிகளில் வழக்கமாக நடப்பதை வைத்து ஒரு கணக்கு. ஜூன் மாதம், பள்ளி திறக்கிறது. வியாசர்பாடியில் ஒரு அக்கா தையல் மிஷினையும் அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவையும் வைத்து ரூ.8,000 கேட்கிறார். கடைக்காரர், "ஒரிஜினல் ரெண்டும் இங்கேயே இருக்கட்டும்மா, பத்திரமா இருக்கும்" என்று குடும்ப அட்டையையும் ஆதாரையும் ரப்பர் பேண்டு போட்டு டிராயரில் வைக்கிறார். அஞ்சு வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து, எட்டாயிரத்துக்கு மாதம் ரூ.400. முதல் மாத வட்டியை அங்கேயே பிடித்துக்கொண்டு கையில் ரூ.7,600 தருகிறார். ஒரு துண்டுச் சீட்டில் "8000" என்று எழுதி, தேதி போட்டுக் கொடுக்கிறார். கடையின் பெயர் இல்லை, வட்டி இல்லை, அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பத்து மாதம் ஆகிறது. வட்டியாக மட்டும் ரூ.4,000 போய்விட்டது, அசல் எட்டாயிரம் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற அடகுக்காரர் வாங்கக்கூடிய வட்டிக்கு ஆண்டுக்கு 16 சதவீதம் என்று உச்ச வரம்பு இருக்கிறது. நூற்றுக்கு மாதம் சுமார் ஒரு ரூபாய் முப்பத்து மூன்று பைசா. அந்தக் கணக்கில் எட்டாயிரத்துக்குப் பத்து மாத வட்டி ரூ.1,067 தான். அக்கா கட்டியது ரூ.4,000. கூடுதலாகப் போன ரூ.2,933-ஐ அசலில் கழித்தால் அவர் கட்ட வேண்டிய பாக்கி ரூ.5,067. கடைக்காரர் கேட்பதோ முழு எட்டாயிரம்.

இப்போது அட்டைகள் அங்கே இல்லாமலிருந்தால் அக்கா என்ன செய்திருப்பார்? நாலாவது மாதமே, "இந்தப் பழைய மிஷினுக்கும் அண்டாவுக்கும் இவ்வளவு கட்டுவானேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டிருப்பார். அல்லது உட்கார்ந்து வட்டியைப் பேசிக் குறைத்திருப்பார். அதைச் செய்ய விடாமல் தடுத்தது டிராயரில் இருந்த அந்த இரண்டு அட்டைகள்தான். ஒவ்வொரு மாதமும் அட்டையை இரவல் வாங்கி, ரேஷன் கடைக்குப் போய்விட்டு, மாலைக்குள் திருப்பிக் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. வட்டி பாக்கி இருந்தால் இரவலும் கிடைக்காது. வட்டி அதிகமாக இருப்பதை எதிர்த்துக் கேட்கும் தைரியமே அதோடு போய்விடுகிறது.

சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

கடையின் பெயர், முகவரி, உங்கள் பெயர், தேதி, பொருளின் அடையாளம், கடன் தொகை, வட்டி விகிதம். பொருளின் அடையாளம் என்றால் "தையல் மிஷின் ஒன்று" என்று மட்டும் போதாது, கம்பெனிப் பெயரும் அதில் அடித்திருக்கும் எண்ணும் வேண்டும். பித்தளை என்றால் எடை. இல்லாவிட்டால் மீட்கப் போகும்போது வேறொரு பழைய மிஷினைக் காட்டுவார்கள். சீட்டு கொடுப்பது சட்டப்படி கடைக்காரரின் கடமை, நீங்கள் கேட்டு வாங்கும் சலுகை இல்லை. வீட்டுக்கு வந்ததும் சீட்டைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கடைக்கு உரிமம் இருக்கிறதா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். எப்படித் திரும்ப வாங்குவது?

முதலில் தனியாகப் போகாமல் வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், சண்டை போடாமல் கேளுங்கள். "அண்ணே, கடன் இருக்கட்டும், பொருள் உங்ககிட்டதான் இருக்கு, கார்டு ரெண்டையும் குடுத்துடுங்க, ஜெராக்ஸ் தர்றேன்." பொருள் இருக்கும் கடைக்காரர் பல நேரம் இதற்கே இறங்கி வருவார். மறுத்தால், அட்டை தன்னிடம் இருப்பதை அவர் ஒப்புக்கொள்ளும் ஏதாவது ஒன்று உங்கள் கையில் இருப்பது நல்லது. "அண்ணே, எங்க ரேஷன் கார்டு எப்ப தருவீங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, "வட்டிய கட்டிட்டு வாங்கிக்க" என்று பதில் வந்தால் அதுவே போதும்.

அடுத்தது எழுத்து மூலம் புகார். யாருடைய அட்டை, என்ன அட்டை, எந்தத் தேதியில் எங்கே கொடுத்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எவ்வளவு கட்டினீர்கள், இவை மட்டும் ஒரு பக்கத்தில். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். உரிமம் உள்ள கடை என்றால் அதே மனுவைத் தாசில்தாருக்கும் கொடுங்கள். உரிமத்துக்கு ஆபத்து என்று தெரிந்தால் டிராயர் சீக்கிரம் திறக்கும். திங்கட்கிழமைகளில் ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

மீட்டர் வட்டி, கந்து வட்டி, நாள் வட்டி என்று உருட்டி மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் பொருந்தும். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கடன் கொடுத்தவரைத் தேடி அலையாமல், நியாயமாகத் தர வேண்டிய பணத்தை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டு நிவாரணம் கேட்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு வக்கீல் வேண்டும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச சட்ட உதவி பற்றிச் சொல்வார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அந்த உதவி உண்டு.

கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக வாங்கிவிட்டால் என்ன?

அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே காணாமல் போனதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தால் அது பொய்த் தகவல், தனிக் குற்றம். நாளைக்குக் கடைக்காரர் அசலை மேஜையில் எடுத்துப் போட்டால், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

பொய் சொல்லாமலே வழி இருக்கிறது. ஆதார் அட்டையை மறுபடி அச்சிட்டு அனுப்பச் சொல்ல யாரும் காரணம் கேட்பதில்லை, சிறு கட்டணம் கட்டினால் தபாலில் வரும். எண் அதேதான், பழைய அட்டையை வைத்திருப்பவருக்குக் கூடுதல் பலம் எதுவும் இல்லை. குடும்ப அட்டைக்கு tnpds.gov.in தளத்தில் பதிவு செய்த செல்போன் எண்ணால் உள்ளே போய்ப் பிரதியை இறக்கிக்கொள்ளலாம். செல்போன் எண் மாறிப் போயிருந்தால்தான் சிக்கல், அதை முதலில் சரிசெய்யுங்கள். ஓட்டுநர் உரிமமும் வண்டியின் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தால் சாலையில் அதையே காட்டலாம்.

பாஸ்போர்ட், மார்க் ஷீட், வண்டி ஆர்.சி. புக் கேட்டால்?

பாஸ்போர்ட் உங்களுடையதுகூட இல்லை. 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து. அதை அடகு வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, வாங்கி வைக்க அவருக்கும் இல்லை.

மார்க் ஷீட்டும் மாற்றுச் சான்றிதழும் பிள்ளைகளுடையவை. மே, ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக்கு அசல் வேண்டும் என்று கூப்பிடுவார்கள், ஒரு நாள் தவறினால் இடம் போகும். அந்த நேரத்தில்தான் வட்டியும் ஏறும்.

ஆர்.சி.யைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதோடு நீட்டப்படும் படிவம் 29, படிவம் 30. இரண்டும் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் படிவங்கள். நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஆட்டோவை விற்றதற்கே நீங்கள் கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குகிறார்களே, அதுவும் தப்பா?

அது வேறு. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் சொத்து அடமானம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. வங்கிகள் அதைப் பதிவும் செய்கின்றன. ஆனால் அதைச் செய்யும் இடம் வங்கி, பாத்திரக் கடை மேஜை இல்லை.

வெற்றுப் பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார். சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்கிறார்.

போடாதீர்கள். வெற்று முத்திரைத்தாள், தொகை எழுதாத செக், நிரப்பாத புரோநோட்டு மூன்றுக்கும் ஒரே பதில்தான். ஏற்கெனவே செக் கொடுத்திருந்தால், அதன் எண்ணைக் குறித்து, எதற்காக யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒரு ஸ்பீடு போஸ்ட் அவருக்கு அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அவர் பெரிய தொகை எழுதி வங்கியில் போட்டு, செக் திரும்பியது என்று வழக்குப் போட்டால் அதுதான் கை கொடுக்கும்.

மூன்று மாதம் வட்டி கட்டவில்லை. பொருள் மூழ்கிவிட்டது, இனி கார்டை மீட்கவும் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்கிறார்.

இரண்டுமே செல்லாது. அடகுக்காரர் சட்டப்படி பொருளை மீட்க ஓராண்டும் அதற்கு மேல் ஏழு நாளும் அவகாசம் உண்டு. அதன் பிறகும் அவர் இஷ்டத்துக்கு எடுத்து விற்க முடியாது, ஏலத்தில்தான் விற்க வேண்டும், கடனும் வட்டியும் போக மிஞ்சுவது உங்களுக்குச் சேரும். மூன்று மாதத்தில் மூழ்கியது என்பது அவர் வைத்த கணக்கு.

கார்டுக்குத் தனியாகப் பணம் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. மீட்கப் போகும் நாளில் அசல், வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் பொருளையும் அட்டைகளையும் மேஜையில் வைக்கச் சொல்லி, மிஷினின் எண்ணையும் அட்டையில் உள்ள பெயரையும் பார்த்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள். அடகுச் சீட்டில் "கணக்குத் தீர்ந்தது" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். நீங்கள் முன்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள், செக் எதுவாக இருந்தாலும் அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், அடுத்த வாரம் வா என்றால் மீதிப் பணமும் அடுத்த வாரம் என்று சொல்லுங்கள்.